நுரையீரல் தமனியில் தங்கிவிட்ட பழைய ரத்தக்கட்டு: ஆபரேஷனா, பலூனா, மாத்திரையா?

நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறும் நோய்க்குக் காரணங்கள் பல. இதயத்தின் இடப்பக்கம் பழுதானாலும் ஏறும், பல வருடப் புகையால் நுரையீரல் கெட்டாலும் ஏறும், காரணமே பிடிபடாமல் சிறு தமனிகள் தடித்துப் போனாலும் ஏறும். இந்தக் கட்டுரை ஒரே ஒரு வகையைப் பற்றியது. காலிலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டு நுரையீரலுக்குப் போய், முழுதாகக் கரையாமல் அங்கேயே தழும்பாக மாறி வழியை அடைத்துக்கொள்ளும் வகை. இதைத் தனியாக எடுத்துப் பேசக் காரணம் உண்டு. நுரையீரல் ரத்த அழுத்த நோய்களிலேயே ஒரே ஆபரேஷனில் ஏறக்குறைய முழுக் குணம் கிடைக்க வாய்ப்புள்ளது இது. அதே சமயம், "மாத்திரை போட்டுப் பார்ப்போம்" என்று சொல்லியே அந்த வாய்ப்பை நழுவவிடுவதும் இதில்தான் அதிகம்.

முதலில் கட்டு ஏன் கரையவில்லை என்று பார்ப்போம். நுரையீரலில் கட்டு அடைத்துப் பிழைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால், சில வாரங்களில் உடலே கட்டைக் கரைத்துவிடுகிறது. 100 பேரில் சுமார் 3 பேருக்கு அப்படி நடப்பதில்லை. மிச்சமுள்ள கட்டு தமனியின் உட்சுவரோடு ஒட்டி நார்த்திசுவாகிறது. மூன்று மாதம் தாண்டியபின் அது ரத்தக்கட்டே இல்லை, சுவரின் ஒரு பகுதி. அசிட்ரோம், வார்ஃபரின், ரிவராக்ஸபான் எதுவானாலும் இனிமேல் புதுக் கட்டு சேராமல் காக்கும், பழையதைத் தொடாது. "ஆறு மாசமா கட்டி கரையற மாத்திரை சாப்பிடறோம், இன்னும் கரையலையே" என்று கேட்கும் வீட்டாருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்.

இன்னொன்று: இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, முன்பு நுரையீரலில் கட்டு அடைத்ததாக எந்தப் பதிவும் இருக்காது. அவர்கள் ஆஸ்துமா என்று இன்ஹேலரோடோ, ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரையோடோ நாளைக் கடத்திக்கொண்டிருப்பார்கள்.

வலது பக்கத்தின் கதை

மூன்று வழிகளையும் எடைபோட, இதயத்தின் வலது கீழறைக்கு என்ன ஆகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். முடிவின் பாதி அங்கேதான் இருக்கிறது.

இடது கீழறை உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவது. சுவர் தடிமன். வலது கீழறைக்கு நுரையீரல் வரைக்கும்தான் வேலை. நுரையீரல் தமனியில் இயல்பான சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரச அளவில் இருக்கும், 20-ஐத் தாண்டினால் அதிகம் என்று கணக்கு. அவ்வளவு லேசான எதிர்ப்புக்கு எதிராக உழைப்பதால் வலது கீழறையின் சுவர் 3 முதல் 5 மி.மீ. தடிமன்தான். நிறைய ரத்தம் வந்தால் விரிந்து வாங்கிக்கொள்ளும், ஆனால் எதிர்ப்பு ஏறினால் அதற்குத் தாங்காது. திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுத்த கையிடம் உரல் குத்தச் சொன்ன கதை.

எதிர்ப்பு மெல்ல மெல்ல ஏறினால் சுவர் தடித்து ஈடுகொடுக்கப் பார்க்கும். சில மாதங்கள், சில சமயம் சில வருடங்கள்கூட அப்படி ஓடும். அப்புறம் அறை விரியத் தொடங்கும். விரிந்த அறையின் சுவரில் இழுவிசை கூடும். இழுவிசை கூடினால் தசைக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும். ஆனால் தேவை கூடும் நேரத்தில்தான் வரத்து குறைகிறது. வலது கீழறையின் தசைக்கு இயல்பில் இதயம் சுருங்கும்போதும் தளரும்போதும் ரத்தம் ஓடும். உள்ளே அழுத்தம் ஏறிவிட்டால் சுருங்கும் நேரத்து ஓட்டம் குறைந்துபோகிறது. போதாததற்கு அறை விரியும்போது மூவிதழ் வால்வின் வளையமும் விரிந்து, ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. கழுத்து நரம்பு புடைப்பது, கல்லீரல் வீங்கி வலது விலாவுக்குக் கீழே கனப்பது, சாயங்காலம் கால் வீங்கிச் செருப்பு வார் பதிவது எல்லாம் இந்தப் பின்னோட்டத்தின் விளைவு.

இடது பக்கமும் தப்புவதில்லை. இரண்டு கீழறைகளுக்கும் நடுவே ஒரே சுவர்தான். எக்கோவில் குறுக்குவெட்டாகப் பார்த்தால் இடது கீழறை வட்டமாகத் தெரிய வேண்டும். வலது பக்கம் ஊதிப்போனவருக்கு அந்த நடுச்சுவர் இடப்பக்கமாகத் தள்ளப்பட்டு, வட்டம் பாதி நிலாவாகத் தட்டையாகியிருக்கும். இடது அறைக்கு இடமும் இல்லை, நுரையீரல் வழியாக வந்து சேரும் ரத்தமும் இல்லை. மாடிப்படி ஏறும்போது கண் இருட்டி விழுவது அதனால்தான். அப்படி ஒரு முறை விழுந்தவரை "வீக்னெஸ்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வலது கீழறை தோற்கத் தொடங்கினால் தள்ளும் பலம் குறைகிறது. தள்ளுவது குறைந்தால் நுரையீரல் தமனியின் அழுத்தமும் இறங்கும். போன வருடம் எக்கோவில் 85, இந்த வருடம் 65 என்று ரிப்போர்ட்டைக் காட்டிச் சந்தோஷப்படும் வீட்டார் உண்டு. நோயாளியோ போன வருடம் ஒரு மாடி ஏறியவர், இப்போது குளியலறை போய்வரவே மூச்சு வாங்குகிறார். அழுத்த எண்ணைத் தனியாகப் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். எதிர்ப்பைப் பார்க்க வேண்டும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தத்திலிருந்து இடப்பக்க அழுத்தத்தைக் கழித்து, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் ஓடுகிறதோ அதால் வகுத்தால் வருவது எதிர்ப்பு. வுட் யூனிட் என்ற அளவில் சொல்வார்கள், 2-க்குக் கீழ் இருப்பது இயல்பு. கூடவே வலது மேலறையின் அழுத்தம் எவ்வளவு என்பதும் வேண்டும். இவற்றை எக்கோ துல்லியமாகத் தராது. கழுத்து அல்லது தொடை வழியாகக் குழாய் விட்டு அளக்கும் வலப்பக்க கத்தீட்டர் பரிசோதனைதான் தரும்.

ஒரே எண், இரண்டு பேர்

பேச்சு சுலபமாக இருக்க இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் 46 வயதுப் பெண். இரண்டு வருடங்களுக்கு முன் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்தபோது காலில் ரத்தக்கட்டு, அது நுரையீரலுக்கும் போனது. ஆறு மாதம் மருந்து சாப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். இரண்டாமவர் 68 வயது ஆண், நீண்டநாள் புகைப்பழக்கத்தால் நுரையீரலும் சரியில்லை. இருவருக்கும் கத்தீட்டரில் ஒரே எண்கள் வந்ததாக வைத்துக்கொள்வோம்: சராசரி அழுத்தம் 47, இடப்பக்கம் 10, நிமிடத்துக்கு 3.1 லிட்டர் ஓட்டம், வலது மேலறையில் 13. நாற்பத்தேழில் பத்துப் போக 37, அதை 3.1-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12 வுட் யூனிட். இயல்பைப் போல ஆறு மடங்குக்கு மேல். இடப்பக்கம் 10 என்பதால் கோளாறு இடது இதயத்தில் இல்லை, நுரையீரல் தமனியில்தான் என்பது உறுதி.

இருவருக்கும் நோயின் பெயரை உறுதிசெய்த பரிசோதனை வென்டிலேஷன்-பெர்ஃபியூஷன் ஸ்கேன். நியூக்ளியர் மெடிசின் பிரிவில் எடுப்பது. காற்று போகும் இடத்துக்கு ரத்தம் போகிறதா என்று பார்ப்பார்கள். காற்று மட்டும் போய் ரத்தம் போகாத துண்டுகள் ஆப்பு வடிவில் வெற்றிடமாகத் தெரியும். இந்த ஸ்கேன் சரியாக இருந்தால் பழைய கட்டு நோய் இல்லை என்றே கிட்டத்தட்ட சொல்லிவிடலாம். சி.டி. ஆஞ்சியோவுக்கு அந்த உரிமை இல்லை. புதுக் கட்டைக் கண்டுபிடிப்பதில் சி.டி. கெட்டி, பழைய தழும்பில் தவறவிடுவது உண்டு, அதுவும் இந்த நோயைப் பார்த்துப் பழகாத கண்ணுக்கு. "சி.டி.யில் கட்டு இல்லை" என்ற ஒரே வரியில் பல பேருடைய விசாரணை நின்றுபோகிறது.

எண்கள் ஒன்றுதான், ஆனால் முடிவு ஒன்றாக இருக்காது. தழும்பு எங்கே இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். அந்தப் பெண்ணுக்கு வலது நுரையீரலின் கீழ்மடல் தமனி தொடக்கத்திலேயே அடைபட்டிருக்கிறது, இடப்பக்கமும் பெரிய கிளைகளில் பட்டைகள். பெரியவருக்கு முக்கியத் தமனிகள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. மூன்றாம் நான்காம் பிரிவுக்கு அப்பால், சில மி.மீ. குறுக்களவுள்ள கிளைகளில் வலைப்பின்னலாகத் தழும்பு.

ஆபரேஷன்

பெண்ணின் மகள் முதலில் கேட்பது இப்படித்தான் இருக்கும்: "அம்மாவுக்கு நெஞ்சைத் திறந்தே ஆகணுமா டாக்டர்? மாத்திரையில பாத்துக்க முடியாதா?" நியாயமான கேள்வி. திறந்துதான் ஆக வேண்டும் என்பது என் பதில். ஏன் என்று சொல்ல, உள்ளே என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் சான் டியேகோவில் 1970 முதல் செய்துவரும் ஆபரேஷன் இது. நடுநெஞ்சு எலும்பைத் திறந்து, ஹார்ட்-லங் மெஷினில் இணைத்து, உடலை 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைக்கிறார்கள். அவ்வளவு குளிரில் மூளைக்கு ஆக்சிஜன் தேவை மிகக் குறைவு. அப்புறம் மெஷினையும் நிறுத்துகிறார்கள். உடலில் ரத்த ஓட்டமே இல்லாத அந்த நேரம், ஒரு தடவைக்கு 20 நிமிடம்தான். ஏன் நிறுத்த வேண்டும்? நுரையீரலுக்கு மூச்சுக்குழல் தமனிகள் வழியாகவும் ரத்தம் வரும். இந்த நோயில் அவை பெருத்திருக்கும், வெட்டிய இடத்தில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் சர்ஜனுக்குச் சுவரின் அடுக்கு தெரியாது. தெரிந்தாக வேண்டும். ஏனென்றால் அவர் கட்டை எடுக்கவில்லை, தமனியின் உட்சுவரையே உரிக்கிறார். மேலோட்டமாக உரித்தால் நோய் உள்ளேயே தங்கும், ஆழமாகப் போனால் தமனி கிழியும். சரியான அடுக்கு கிடைத்துவிட்டால் மெல்ல இழுக்க இழுக்க, கிளை கிளையாகப் பிரிந்து நுனிகள் வரை முழு வார்ப்பாக வெளியே வரும். நுனிகள் கூர்மையாக முடிந்திருந்தால் முழுதாக வந்தது என்று தெரிந்துகொள்வார்கள். ஒரு பக்கம் முடிந்ததும் ஓட்டத்தைத் திரும்பக் கொடுத்து, இளைப்பாற விட்டு, மறுபக்கம்.

இங்கேதான் வலது கீழறையைப் பற்றிய பரவலான தவறான எண்ணம் குறுக்கே வரும். "இதயம் ரொம்ப வீக்கா இருக்கு, ஆபரேஷன் தாங்காது" என்பார்கள். மற்ற ஆபரேஷன்களுக்கு அது பொருந்தும். இங்கே இதயம் பலவீனமானதற்குக் காரணமே அந்தத் தழும்புதான். அதை எடுத்ததும் எதிர்ப்பு உடனே விழுகிறது, வலது கீழறையும் திரும்பச் சுருங்கத் தொடங்குகிறது. நடுச்சுவர் சில நாட்களிலேயே நேராகிவிடும், மூவிதழ் வால்வின் கசிவும் பெரும்பாலோருக்கு வால்வைத் தொடாமலே குறையும். எதிர்ப்பு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு ஆபரேஷனின் ஆபத்து கூடும் என்பதும் உண்மை. நம் பெண்ணின் 12 யூனிட் அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் அது ஆபரேஷனை மறுக்கக் காரணம் அல்ல, அனுபவமுள்ள இடத்தைத் தேடக் காரணம்.

அனுபவம் என்பதை இங்கே எண்ணிக்கையாகவே கேட்கலாம். வருடத்துக்கு 50-க்கு மேல் இந்த ஆபரேஷனைச் செய்யும் மையத்தை ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் எதிர்பார்க்கின்றன. அப்படிப்பட்ட இடங்களில் ஆபரேஷனை ஒட்டிய மரணம் 100-க்கு 5-க்குக் கீழே. நம் நாட்டில் இதைத் தொடர்ந்து செய்யும் இடங்கள் மிகச் சிலவே. உள்ளூரில் பைபாஸ் ஆபரேஷனில் பெயர் வாங்கிய சர்ஜன் என்பது இதற்குத் தகுதி ஆகாது.

எது தவறிப்போகும்? முதல் மூன்று நாட்களில் பயப்பட வேண்டியது நுரையீரல் நீர்கோத்தல். நெடுநாள் வறண்டு கிடந்த துண்டுகளுக்கு ரத்தம் திடீரென்று பாய்ந்ததும் அங்கே மட்டும் நீர் ஊறி, ஆக்சிஜன் இறங்கும். பெரும்பாலும் வென்டிலேட்டரோடு காத்திருந்தால் தெளியும். இன்னொன்று மீந்த அழுத்தம். எட்டிய இடத்தையெல்லாம் உரித்தபின்பும் அழுத்தம் இறங்கவில்லை என்றால், கோளாறு கண்ணுக்குத் தெரியாத நுண்தமனிகளுக்கும் போய்விட்டது என்று பொருள். அடைபடாத கிளைகள் வழியாக அத்தனை ரத்தமும் வருடக்கணக்கில் பாய்ந்து, அங்குள்ள நுண்தமனிகளும் தடித்துப்போயிருக்கும். தாமதிக்கத் தாமதிக்க ஆபரேஷனின் பலன் குறைவது இதனால்தான். படத்தில் தெரியும் அடைப்பு கொஞ்சம், கத்தீட்டரில் எதிர்ப்போ மிக அதிகம் என்று பொருந்தாமல் இருந்தால், சர்ஜன் தயங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எல்லாம் சரியாக நடந்தால் நம் பெண்ணின் எண்கள் ஆறு மாதத்தில் இப்படி இருக்கலாம்: சராசரி அழுத்தம் 24, இடப்பக்கம் 10, ஓட்டம் 4.9 லிட்டர், வலது மேலறை 6. எதிர்ப்பு 3-க்குச் சற்றுக் கீழ். அழுத்தம் பாதியாகத்தான் குறைந்தது, எதிர்ப்போ நான்கில் ஒன்றாகிவிட்டது. அழுத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் பலனில் பாதி தெரிந்திருக்காது.

பலூன்

பெரியவருக்கு வருவோம். அவருடைய தழும்பு கத்தி எட்டாத ஆழத்தில். நுரையீரல் வேறு சரியில்லை. இவருக்குப் பலூன் சிகிச்சை பொருந்தும். 2001-இல் அமெரிக்காவில் 18 பேருக்குச் செய்து வெளியிட்டபோது, நுரையீரலில் நீர்கோத்தது அதிகம் என்று பலரும் கைவிட்டார்கள். அப்புறம் ஜப்பானிய மருத்துவர்கள், சிறிய பலூன், ஒரு தடவைக்குச் சில கிளைகள் மட்டும், பல தடவைகள் என்று முறையை மாற்றி, 2012 வாக்கில் அதை மீட்டெடுத்தார்கள்.

மயக்கம் கொடுப்பதில்லை. தொடை அல்லது கழுத்துச் சிரை வழியாகக் குழாயை இதயத்தின் வலப்பக்கம் தாண்டி நுரையீரல் தமனிக்குக் கொண்டுபோய், மெல்லிய கம்பியால் வலையை ஊடுருவி, முதலில் 2 மி.மீ. அளவுள்ள பலூனால் கிழிக்கிறார்கள். டாக்டர் சொல்லும்போது நோயாளி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். "ஸ்டென்ட் வெப்பீங்களா?" என்று எல்லோரும் கேட்பார்கள். வைப்பதில்லை. மாரடைப்பில் கொழுப்பைச் சுவரோடு அழுத்தி வைக்கத் தாங்கல் வேண்டும். இங்கே வலை கிழிந்தால் போதும், திறந்த வழியில் ஓடும் ரத்தமே மாதங்களில் தமனியை இன்னும் விரிக்கும். ஆனால் ஒரே தடவையில் முடியாது. நான்கு முதல் ஆறு தடவை, நடுவே இடைவெளி விட்டு. ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே கதிர், ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கான்ட்ராஸ்ட் மருந்து. கிரியாட்டினின் ஏற்கெனவே ஏறியிருப்பவருக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

ஆபத்து எங்கே என்றால், கம்பி தமனியைத் துளைப்பதில். அடையாளம், படுக்கையிலேயே இருமல், சளியில் ரத்தம், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் இறங்குவது. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது செய்தால் இது அதிகம் நடக்கும். பிரான்சில் 105 பேரைப் பலூனுக்கும் ரியோசிகுவாட் மாத்திரைக்கும் பிரித்துச் செய்த ரேஸ் என்ற ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் எதிர்ப்பு, பலூன் பிரிவில் சுமார் 60 சதவீதம் குறைந்தது, மாத்திரைப் பிரிவில் மூன்றில் ஒரு பங்கு. அதோடு நின்றால் பலூன் வென்றது என்றுதான் தோன்றும். ஆனால் பலூனை முதலிலேயே செய்தவர்களில் 42 சதவீதத்தினருக்குச் சிகிச்சையால் கடுமையான பக்கவிளைவு வந்தது. முதலில் மாத்திரை சாப்பிட்டு, அப்புறம் பலூனுக்குப் போனவர்களில் அது 14 சதவீதம்தான். எனவே பெரியவருக்கு நான் சொல்லும் வரிசை, சில மாதம் மாத்திரை, எதிர்ப்பு கொஞ்சம் இறங்கியதும் பலூன். அவருடைய 12 யூனிட்டோடு நேராகப் பலூன் மேசைக்குப் போவது எனக்கு ஒப்பவில்லை.

மாத்திரை

மாத்திரை அவருக்குப் பொருத்தமென்றால் அந்தப் பெண்ணுக்கும் முதலில் கொடுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். கூடாது. ரியோசிகுவாட் நுண்தமனிகளைத் தளர்த்தும் மருந்து. மடல் தமனியின் வாயிலேயே உட்கார்ந்திருக்கும் தழும்பை எந்த மருந்தும் தளர்த்தாது. கொஞ்சம் மூச்சு சுலபமாகும், "பரவாயில்லையே" என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள், அந்த நேரத்தில் நுண்தமனி நோய் வளர்ந்துகொண்டிருக்கும். ஆபரேஷன் செய்யத்தக்கவர்களுக்கு முன்மருந்து கொடுத்ததால் ஆபரேஷன் தாமதமானதைப் பதிவேடுகள் காட்டியிருக்கின்றன, பலன் கூடியதைக் காட்டவில்லை. நீர்மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். லேசிக்ஸ் கொடுத்ததும் கால் வீக்கம் வடிந்து, நோயே போய்விட்டது போலிருக்கும். வடிந்தது தண்ணீர் மட்டும்தான்.

ரியோசிகுவாட்டின் உண்மையான இடம் மூன்று: ஆபரேஷன் எட்டாத தழும்பு, ஆபரேஷனுக்குப் பிறகும் மீந்த அழுத்தம், பலூனுக்கு முன்னேற்பாடு. 2013-இல் வெளியான பெரிய ஆய்வில், இதைச் சாப்பிட்டவர்கள் 16 வாரத்தில் ஆறு நிமிட நடையில் சராசரியாக 39 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 6 மீட்டர் குறைந்தது. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவருக்கு அது தெருமுனைக் கடை வரை போய்வருவது. ஆனால் குணம் இல்லை, நிறுத்த முடியாது, மாதாமாதச் செலவு ஆயுள் முழுக்க. ஆபரேஷனுக்கு ஒரே தடவையில் லட்சங்கள் ஆகும் என்று மாத்திரையைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்கள், அந்த மாத்திரையின் பத்து வருடச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

வேளைக்கு 1 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்த அழுத்தம் பார்த்து, 2.5 மி.கி. வரை ஏற்றுவார்கள். தலைசுற்றினால், மேல் அழுத்தம் 95-க்குக் கீழே போனால் ஏற்றக் கூடாது. கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களுக்குக் கருத்தடை கட்டாயம், சிசுவுக்குத் தீங்கு செய்யும். இதேபோல ரத்தக்குழாயைத் தளர்த்தும் சில்டெனாஃபில், டடலாஃபில் எதையும் கூடச் சேர்க்கக் கூடாது. விலை குறைவு என்று சில்டெனாஃபிலில் ஏற்கெனவே இருப்பவர்கள் நம் ஊரில் நிறைய. அதன் மேலேயே ரியோசிகுவாட்டை எழுதிவிட்டால் அழுத்தம் ஆபத்தாக விழும். அதேபோல நெஞ்சு பிடித்தால் நாக்கடியில் வைக்கச் சட்டைப்பையில் சார்பிட்ரேட் வைத்திருக்கும் பெரியவர்கள், அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில்டெனாஃபில் மட்டும் போதாதா என்றால், இந்த வகை நோயில் அதற்கு அவ்வளவு உறுதியான ஆய்வுச் சான்று இல்லை. ரியோசிகுவாட் வாங்கவே வழியில்லாதவருக்குக் கொடுப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆபரேஷன் செய்யக்கூடியவரை அதிலேயே வைத்திருப்பதைச் சொல்வேன்.

நடுவில் விழும் நோயாளிகளும் உண்டு. வலது நுரையீரலில் தழும்பு பெரிய கிளையில், இடதில் நுனிக் கிளைகளில். அவர்களுக்கு ஆபரேஷனில் எட்டியதை எடுத்து, மீந்ததைப் பலூனால் திறந்து, அதன் பிறகும் அழுத்தம் மீந்தால் மாத்திரை என்று மூன்றும் வரிசையாக வரலாம். வரிசையை முடிவு செய்வது ஒரு டாக்டரின் வேலை அல்ல. சர்ஜன், பலூன் செய்பவர், நுரையீரல் அழுத்த நோய் பார்ப்பவர், படம் படிப்பவர் நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டியது. முக்கியமாக, "ஆபரேஷன் முடியாது" என்ற தீர்ப்பைச் சொல்லும் உரிமை இந்த ஆபரேஷனைச் செய்பவருக்குத்தான். மற்றவர் சொன்னால் அது அபிப்பிராயம். ஒரு மையம் முடியாது என்றதை இன்னொரு அனுபவமுள்ள மையம் செய்து முடிப்பது இந்தத் துறையில் அபூர்வம் அல்ல.

எந்த வழியில் போனாலும் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து ஆயுள் முழுக்க. நம் பெண் செய்ததுபோல ஆறு மாதத்தில் நிறுத்தக் கூடாது, ஆபரேஷன் வெற்றி என்ற பிறகும் நிறுத்தக் கூடாது. எந்த மருந்து என்பதற்கு முன், ஆன்டிபாஸ்போலிப்பிட் என்ற எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று ஒரு சோதனை செய்துகொள்ள வேண்டும். இருந்தால் ரிவராக்ஸபான் போன்ற புதுவகை மாத்திரைகள் வேண்டாம்; ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனையைப் பார்த்துப் பார்த்து அளவை மாற்றும் பழைய அசிட்ரோம், வார்ஃபரின்தான் பாதுகாப்பு.

இந்த ஆபரேஷனைச் செய்யும் மையத்துக்கு எழுதிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ரிப்போர்ட் தாளை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அதை வைத்து அங்கே ஒன்றும் சொல்ல முடியாது. சர்ஜனுக்குத் தேவை படங்கள்: சி.டி. ஆஞ்சியோவின் முழுப் பதிவு டிஸ்க்கிலோ லிங்க்கிலோ, வென்டிலேஷன்-பெர்ஃபியூஷன் ஸ்கேனின் படங்கள், எக்கோவின் வீடியோ. கத்தீட்டர் செய்திருந்தால் அழுத்தம் மட்டுமல்ல, ஓட்டம், இடப்பக்க அழுத்தம், வலது மேலறை அழுத்தம் நான்கும் எழுதிய பக்கம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே பில்லோடு சேர்த்து இவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்துப் போனால் பழைய பதிவைத் தேடி எடுக்கவே நாளாகும்.